அன்று எழுதிய ரீடிங்: பழைய மாணவர் ஒருவருக்கு வேதியியல் ஆசிரியரின் பதில்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் நீ செய்ததை எட்டு ஆண்டுகள் கழித்து, யாரும் கேட்காமலே, நீயாகவே எழுதியிருக்கிறாய். அதைப் படித்து முடித்ததும் எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்துதான் இந்தப் பதிலைத் தொடங்கினேன். நீ கேட்டிருக்கும் கேள்விகளில் பாதியை வேறு பழைய மாணவர்களும் வெவ்வேறு சமயங்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீ சம்மதித்திருப்பதால், உன் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, உன் கேள்விகளை உன் சொற்களிலேயே மேலே வைத்துக் கீழே பதில் எழுதுகிறேன்.

நான் ரீடிங்கைச் செய்யாமல் எழுதினேன் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, ஐயா?

உன் விடையில் ஒரு குறையும் இல்லை. உன்னைக் காட்டிக்கொடுத்தது முதல் அட்டவணை.

அன்றைய சோதனையை நினைவுபடுத்திக்கொள். புட்டியில் கொடுத்த பெர்ரஸ் சல்பேட் கரைசலில் 250 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். செறிவு தெரிந்த திட்டக் கரைசலாகப் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் 0.1 நார்மாலிட்டியில் பொதுவாக வைக்கப்பட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இணைப்புக் கரைசலாக நின்றது. முதல் அட்டவணையில் திட்டக் கரைசலுக்கு எதிராகப் பெர்மாங்கனேட்டை அளக்கிறோம். இரண்டாம் அட்டவணையில் புட்டிக் கரைசலுக்கு எதிராக அதே பெர்மாங்கனேட்டை அளக்கிறோம். இரண்டு அளவுகளின் விகிதம்தான் விடையைத் தருகிறது. ஆகவே பெர்மாங்கனேட் சற்று அடர்த்தியாக இருந்தாலும் சற்று நீர்த்திருந்தாலும் விடை மாறுவதில்லை. இரண்டு அளவுகளும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும்.

காலைப் பிரிவில் உன் நண்பனுக்கும் மூன்றாம் எண் புட்டிதான் கிடைத்தது. அவனுக்கு முதல் அட்டவணையில் 20.4 மில்லிலிட்டரும் இரண்டாம் அட்டவணையில் 19.6 மில்லிலிட்டரும் வந்தன. மதியம் உனக்கும் அதே மூன்றாம் எண் புட்டி வந்தது. உன் தாளிலும் 20.4, 19.6 என்றே இருந்தன. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய்.

ஆனால் மதிய உணவு வேளையில் பெர்மாங்கனேட் தீர்ந்துபோயிருந்தது. நானே ஒரு புதிய கரைசலைக் கலக்கினேன். பெர்மாங்கனேட்டை வேதியியல் தராசில் மில்லிகிராம் கணக்காக நிறுத்துப் பயன் இல்லை. அது நீரில் இருக்கும் தூசியோடும் கரிமப் பொருளோடும் வினைபுரிந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செறிவை இழக்கும். அதனால்தான் அதைத் திட்டக் கரைசலாக வைக்காமல் ஒவ்வொரு முறையும் செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரியவிட்டு அளந்து தரம் பார்க்கிறோம். லிட்டருக்கு மூன்று கிராமுக்கு அருகில் உத்தேசமாகப் போட்டேன். காலையில் இருந்ததைவிட அது சற்று நீர்த்துப்போயிற்று. மதியம் எழுதிய மற்ற எல்லாருடைய தாள்களிலும் முதல் அட்டவணை 21.5, 21.6, 21.7 என்றே வந்தது. உன் தாளில் மட்டும் 20.4. மதியம் அந்த அறையில் அந்த அளவுக்கு முடிவுநிலை காட்டக்கூடிய பெர்மாங்கனேட் ஒரு துளிகூட இல்லை, தம்பி.

அந்த ஒரு எண் போதுமானதாக இருந்தது. ஆனாலும் நான் உன் மேசைக்குப் போய்ப் பார்த்தேன். கழுவாமல் வைத்திருந்த கூம்புக்குடுவையின் அடியில் தேநீர்க் கறை போலப் பழுப்பு நிறம் படிந்திருந்தது. பெர்மாங்கனேட் வினையில் பழுப்பு வந்தால் மாங்கனீசு டைஆக்சைடு உண்டாகிவிட்டது என்று பொருள்; அதாவது நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கப்படவில்லை, அல்லது போதவில்லை. அப்போதுதான் நடந்தது முழுவதும் எனக்கு விளங்கியது. நீ தொடங்கியிருக்கிறாய், பதற்றத்தில் அமிலத்தை மறந்துவிட்டாய், இளஞ்சிவப்பு வர வேண்டிய இடத்தில் கலங்கல் பழுப்பு வந்ததைப் பார்த்துப் பயந்துபோய், சாப்பாட்டு நேரத்தில் நண்பன் சொன்ன எண்களை எழுதியிருக்கிறாய். உன் கடிதத்திலும் அப்படியே எழுதியிருக்கிறாய். திட்டம் போட்டு வந்து செய்த காரியம் இல்லை என்பது எனக்கு அன்றே தெரியும்.

தெரிந்தும் என்னை ஏன் அப்போதே கூப்பிட்டுக் கேட்கவில்லை?

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உண்மையான பதில் மட்டும் இருக்கிறது. புறத்தேர்வாளர் அருகில் உட்கார்ந்திருந்தார். பள்ளியின் பெயர் கெடும், உன் ஆண்டு வீணாகும், உன் வீட்டார் என்னிடம் வந்து நிற்பார்கள் என்றெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் மனத்தில் ஓடியது. விடை சரியாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளை அடுக்கில் வைத்துவிட்டேன்.

அது தவறு. நான் அன்றைக்கு உன்னைத் தனியே அழைத்து, "இந்த 20.4 எங்கிருந்து வந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், ஆனால் சொல்லியிருப்பாய். அதன்பின் முறைப்படி என்ன நடக்க வேண்டுமோ அது நடந்திருக்கும். நான் கேட்காமல் விட்டதால், பிடிபடாமல் தப்பிக்கலாம் என்ற பாடத்தை என் அறையிலேயே, என் கண் முன்னாலேயே நீ கற்றுக்கொண்டு போனாய். உன்னை உண்மையாக யோசித்துப் பார்க்கச் சொல்லும் இந்தக் கடிதத்தில் என் பங்கை மறைத்து எழுதினால் மீதி எதற்கும் மதிப்பு இருக்காது என்பதால்தான் இதை முதலிலேயே எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

விடை சரியாகத்தானே வந்தது? அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்னும் ஒரு மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த மனத்துக்கு முதலில் ஒரு கணக்கைக் காட்டுகிறேன். நீ எழுதிய 20.4, 19.6 ஆகிய எண்களிலிருந்து 250 மில்லிலிட்டருக்கு 6.68 கிராம் என்று வரும். நான் தேர்வுக்கு முன் தரம் பார்த்து வைத்திருந்த மதிப்பு 6.70. இப்போது, மதியக் கரைசலைக் கொண்டு நீயே செய்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று பார். முதல் அட்டவணை 21.6 என்றால் இரண்டாவது 20.7 அல்லது 20.8 வந்திருக்கும், பியூரெட்டில் ஒரு சிறு கோட்டளவு இப்படியோ அப்படியோ போவது யார் கைக்கும் இயல்பு. 20.7 என்றால் விடை 6.66, 20.8 என்றால் 6.69. இரண்டுமே உண்மை மதிப்புக்கு ஒரு சதவீதத்துக்குள் வருகின்றன. குடுவையைக் கழுவி, மறுபடி 20 மில்லிலிட்டர் பிப்பெட்டில் எடுத்து, அமிலம் ஊற்றி, ஒரு தரம் பார்த்து முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆகும். பழுப்பு நிறம் வந்தபோது முக்கால் மணி நேரம் மீதி இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆகவே நீ இழந்தது மதிப்பெண்ணை அல்ல. பிழை வந்தால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம் என்பதை உன் கை தெரிந்துகொள்ளும் வாய்ப்பை இழந்தாய். அந்த வாய்ப்பு அன்று போனது. உன் கடிதத்தைப் படித்தால் இன்றுவரை அது திரும்பி வரவில்லை என்று தெரிகிறது.

இரண்டாவது, சரியான விடை என்பது ஆய்வுக்கூடத்தில் ஒரு தனிப் பொருள் அல்ல. பார்த்ததால் வந்த எண்ணும் பாராமல் எழுதிய எண்ணும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அடுத்தவர் அந்த எண்ணை நம்பி ஒரு முடிவு எடுக்கும்போது அவர் நம்புவது எண்ணை அல்ல, "இவர் பார்த்திருக்கிறார்" என்பதை. இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போஸ்டனில் இருந்த அரசு ஆய்வுக்கூடத்தில், காவல்துறை கைப்பற்றும் பொருள்கள் போதைப்பொருள்தானா என்று சோதிக்கும் வேலையில் ஆனி டூக்கான் என்ற வேதியியலர் இருந்தார். மற்ற எல்லாரையும்விட வேகமாக வேலை செய்பவர் என்று அங்கே பெயர் வாங்கியவர். பின்னர் தெரியவந்தது, பல மாதிரிகளை அவர் சோதிக்கவே இல்லை, கண்ணால் பார்த்தே முடிவை எழுதியிருக்கிறார் என்று. 2013ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2017இல் அவர் கைபட்ட 21,000க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டன.

அவர் கண்ணால் பார்த்து எழுதியவற்றில் பெரும்பகுதி சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் எது பார்த்தது, எது பாராதது என்று பிரிக்க ஒருவராலும் முடியவில்லை. உண்மையாகச் சோதித்தவையும் பாராமல் எழுதியவற்றோடு சேர்ந்து செல்லாமல் போயின. நஷ்டம் யாருக்கு என்று கேட்டாய். முதல் நஷ்டம், அதே கையால் நேர்மையாகச் செய்த மற்ற வேலைகளுக்குத்தான்.

இப்போது நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை தரம் பார்த்துவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் சும்மா எழுதிவிடுகிறேன். இங்கே எல்லாருமே அப்படித்தான். இதுவும் அதுவும் ஒன்றா?

ஒன்றுதான். அன்று நீ எழுதியது மதிப்பெண்ணுக்காக. இப்போது எழுதுவதை ஒரு குடும்பம் குடிநீரை நம்பிக் குடிக்கிறது. அந்த அளவில் இது அதைவிடக் கனமானது.

உன் கடிதத்தில் ஓர் ஆழ்துளைக் கிணற்று மாதிரியைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம். மொத்தக் கடினத்தன்மைக்கு 50 மில்லிலிட்டர் மாதிரியை எடுத்து, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலால் தரம் பார்த்திருக்கிறாய். 29.6 மில்லிலிட்டர் வந்தது. இந்த அளவுகளில் ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் ஆகும், ஆகவே 592. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்க எல்லை 200. வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதி. 592 உள்ளே நிற்கிறது. பிறகு நீ இரண்டாவதாக 29.6, மூன்றாவதாக 29.7 என்று எழுதி, சராசரியும் போட்டு, அறிக்கையை அனுப்பிவிட்டாய்.

முடிவுநிலை எப்படி வரும் என்பது உனக்கு நன்றாகத் தெரியும். திராட்சைச் சாறு போன்ற சிவப்பு, தூய நீலமாக மாற வேண்டும். நடுவில் ஒரு கத்தரிப்பூ நிறம் வரும். கடைசித் துளிகளில் வினை மெதுவாக நடப்பதால், துளிக்குத் துளி சில விநாடி பொறுத்துக் கலக்காவிட்டால் நிறம் ஏமாற்றிவிடும். கத்தரிப்பூ நிறத்திலேயே நிறுத்தியவனுக்கு அளவு குறைவாக வரும்; அவசரத்தில் தாண்டியவனுக்கு அதிகமாக வரும். முதல் முறை நீ எங்கே நிறுத்தினாய் என்று உனக்கே இப்போது சொல்ல முடியாது. இரண்டாவது முறை உண்மையாகப் பார்த்து 30.1 வந்திருந்தால் 602 ஆகியிருக்கும், எல்லை கடந்திருக்கும். அப்போது நீ நின்று யோசித்திருப்பாய்: இரண்டுக்கும் அரை மில்லிலிட்டர் வேறுபாடு ஏன்? மூன்றாவது முறை வெண்ணிறத் தாளைக் குடுவைக்கு அடியில் வைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்திருப்பாய். மீண்டும் செய்வது வெறும் சடங்கு அல்ல. முதல் முறை கை தவறியதா என்று நமக்குக் காட்டக்கூடியது அது ஒன்றுதான். பாராமல் 29.6, 29.7 என்று எழுதும்போது, அந்தக் கேள்வியைக் கேட்கும் வாயை நீயே அடைத்துவிடுகிறாய்.

எல்லாரும் செய்கிறார்கள் என்கிறாய். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அனுபவமுள்ள ஒருவர் உங்கள் பதிவேடுகளைப் புரட்டினால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்பதையும் தெரிந்துகொள். உண்மையாகப் பார்த்த அளவுகள் கொஞ்சம் சிதறியே இருக்கும். தொடக்க அளவு ஒரு நாள் 0.0, ஒரு நாள் 1.3, அவசரத்தில் பியூரெட்டை நிரப்பாமல் தொடர்ந்ததால் ஒரு நாள் 22.4 என்று இருக்கும். எழுதிவைத்த அளவுகளில் ஒவ்வொரு முறையும் தொடக்கம் சுத்தமாக 0.0 என்றே இருக்கும். மாதக்கணக்கில் மூன்று அளவுகளுக்கும் 0.1க்கு மேல் வேறுபாடே வராது. அவற்றைவிட எளிய சோதனை புட்டிதான். ஒரு மாதிரிக்கு மூன்று முறை முப்பது மில்லிலிட்டர் என்று கணக்கு வைத்தால், நாளைக்குப் பத்து மாதிரிக்கு 900 மில்லிலிட்டர் ஈ.டி.டி.ஏ. செலவாக வேண்டும். உங்கள் கூடத்தில் ஒரு லிட்டர் கரைசல் எத்தனை நாளைக்கு வருகிறது என்று நீயே பார்த்துக்கொள்.

இதையெல்லாம் யாரிடமாவது போய்ச் சொல்லியே ஆக வேண்டுமா?

இரண்டையும் நான் வேறு வேறாகப் பார்க்கிறேன். மற்ற ஆசிரியர்கள் இதில் என்னோடு உடன்படாமல் போகலாம்.

பள்ளித் தேர்வைப் பொறுத்தவரை, என்னிடம் சொல்லிவிட்டாய். அந்தப் புட்டியும் இல்லை, தாளும் இல்லை. மறுபடி அளந்து சரிசெய்யக்கூடிய எதுவும் அங்கே மிச்சம் இல்லை. அந்த எண்ணை நம்பிக் காத்திருப்பவர்களும் இல்லை. உன் மனத்தில் சுமை இறங்க வேண்டும் என்பதற்காக மட்டும் இன்னும் நான்கு பேரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

வேலையிடத்து அறிக்கைகள் அப்படி அல்ல. அவற்றை நம்பி யாரோ இன்றைக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். உன் மேற்பார்வையாளரிடம், எழுத்தில். எழுதும்போது மன்னிப்பை ஒரு வரியில் முடித்துக்கொண்டு மீதி இடத்தை விவரத்துக்கு விடு. எந்தத் தேதியிலிருந்து, எந்த மாதிரி எண்களுக்கு, எந்தச் சோதனையில், எத்தனை முறை உண்மையாகப் பார்த்தாய், எத்தனை முறை பாராமல் எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்கும் அளவுக்குப் பட்டியல் போடு. நினைவில்லாதவற்றை "நினைவில்லை" என்றே எழுது. ஊகித்து நிரப்பினால் பழைய காரியத்தையே மறுபடி செய்கிறாய். எல்லைக்கு அருகில் நிற்கும் மாதிரிகளை, அந்த 592 போன்றவற்றை, மேலே எழுது. அவற்றுக்குத்தான் முதலில் புதிய மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தக் கிணற்று நீரை மறுபடி எடுத்துவர ஓர் ஆளும் ஒரு வண்டியும் போதும்.

இன்னொன்று, பதிவேட்டில் கை வைக்காதே. பழைய பக்கத்தை இப்போது நேர்மையாக்குகிறேன் என்று வெள்ளை மை பூசுவதோ கிழிப்பதோ கூடாது. திருத்தம் தேவை என்று மேற்பார்வையாளர் சொன்னால், பழைய எண் படிக்கும்படியே அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தையும் கையொப்பத்தையும் இன்றைய தேதியையும் எழுது. நீ தவறிய இடம் பிறர் கண்ணுக்குத் தெரிவதுதான் அந்தப் பக்கத்துக்கு இனி இருக்கக்கூடிய ஒரே நேர்மை.

சொன்னால் வேலை போய்விடுமே, ஐயா. வீட்டில் அம்மா இருக்கிறார்.

போகலாம். போகாது என்று உன்னிடம் நான் பொய் சொல்லமாட்டேன். எல்லாரும் செய்யும் இடத்தில் ஒருவன் எழுத்தில் சொன்னால் அவனை முதலில் தள்ளிவைக்கப் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே சொல்வதற்கு முன் அம்மாவிடம் பேசிவிடு. நீ செய்ததை அவருக்குப் புரியும்படி சொல், இரண்டு மாதச் செலவுக்கு என்ன வழி என்று சேர்ந்து யோசியுங்கள். பயத்தைக் குறைக்க இதைவிட உருப்படியான வழி எனக்குத் தெரியவில்லை. வேலை போனால் என்னிடம் வா. நடந்ததை மறைக்காமல் எழுதி, உனக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் தருகிறேன். அதைப் படித்தும் உன்னை எடுத்துக்கொள்பவரிடம் நீ நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

ரீடிங் சொல்லிக்கொடுத்த நண்பன்மேல் இப்போது கோபம் வருகிறது.

அவன் உன்னிடம் எண்ணைச் சொன்னான். தாளில் எழுதியது உன் கை. அவனிடம் பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு, ஆனால் உன் பங்கில் பாதியை அவனிடம் இறக்கிவைப்பதற்காகப் போகாதே.

உண்மையாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. எப்படி யோசிப்பது? நினைக்க ஆரம்பித்தாலே என்னை நானே திட்டிக்கொள்கிறேன், அதோடு நின்றுவிடுகிறது.

திட்டிக்கொள்வது யோசிப்பது ஆகாது, தம்பி. "நான் ஒரு மோசமானவன்" என்று எழுதிவிட்டால் அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லாமல் போய்விடும். அதுவும் ஒருவகையில் பாராமல் எழுதும் முடிவுதான்.

ரெக்கார்டு நோட்டில் செய்முறையை எழுதுவாயே, அப்படி எழுது. நடந்தவை மட்டும், நடந்த வரிசையில். காரணம் வேண்டாம், நியாயம் வேண்டாம், வசவும் வேண்டாம். உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்து நான் அப்படி எழுதிப் பார்த்தேன். பிப்பெட்டில் 20 மில்லிலிட்டர் எடுத்தேன். அமிலம் ஊற்றவில்லை. பியூரெட்டைத் திறந்தேன். பழுப்பு வந்தது. மணியைப் பார்த்தேன். பக்கத்து மேசையில் இளஞ்சிவப்பு வந்திருந்தது. குடுவையை மறைத்து வைத்தேன். 20.4 என்று எழுதினேன்.

இதில் எந்த வரியில் திரும்பியிருக்கலாம் என்று பார். 20.4 என்று எழுதிய வரி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "குடுவையை மறைத்து வைத்தேன்" என்ற வரிதான் அது. பழுப்பு வந்ததும் கையை உயர்த்தி, "ஐயா, அமிலம் விட்டுப்போயிற்று" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வரியே இருந்திருக்காது. பிழையை மறைத்த பிறகு எண்ணை எழுதுவது ஏறக்குறைய தானாகவே நடந்துவிடுகிறது.

இதே போலக் கிணற்று மாதிரியை எழுது. முதல் அளவு 29.6 வந்தபின் நடந்தவற்றை ஒவ்வொன்றாக எழுது: யார் அழைத்தார்கள், எத்தனை மாதிரிகள் வரிசையில் நின்றன, நீ எதைப் பார்த்தாய், எதை மறைத்தாய். அங்கேயும் ஒரு வரி இருக்கும். பத்துப் பதினைந்து மாதிரிகளுக்கு இப்படி எழுதிப் பார்த்தால், அந்த வரி எப்போதும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வருகிறது என்று தெரியும். என் ஊகம், நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில் அறிக்கை கேட்டு அழைப்பு வரும்போது என்பதுதான். தவறாக இருந்தால் திருத்து. அந்த இடம் தெரிந்துவிட்டால் அதற்கு ஏற்பாடு செய்யலாம். அந்த நேரத்துக்கு மேல் புதிய மாதிரியைத் தொடாதே. முடிக்க முடியாததை "ஒருமுறை மட்டும் பார்க்கப்பட்டது" என்று அப்படியே எழுதி அனுப்பு. முழுமையில்லாத அறிக்கைக்காகத் திட்டு வாங்கலாம். அதற்காக எவரும் நோய்வாய்ப்படமாட்டார்கள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்க முடியுமா? எங்கிருந்து?

விட்ட இடத்திலிருந்து. சனிக்கிழமை காலையில் பள்ளி ஆய்வுக்கூடம் திறந்திருக்கும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். அன்று செய்யாமல் விட்ட தரம் பார்த்தலை வந்து செய். மதிப்பெண் கிடையாது, தேர்வாளர் கிடையாது.

ஒரு வேண்டுகோள்: முதல் குடுவையில் அமிலம் ஊற்றாமல் தொடங்கு. பழுப்பு வரட்டும். அதை மறைக்காமல் மேசைமேல் வைத்து, வருவது என்ன என்று நின்று பார். பிறகு நோட்டில் "முதல் முயற்சி, அமிலம் சேர்க்கவில்லை, பழுப்புக் கலங்கல், கொட்டப்பட்டது" என்று எழுதிவிட்டுக் குடுவையைக் கழுவு. அதன்பின் 20 மில்லிலிட்டர் எடுத்து, அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துத் தொடங்கு. பெர்மாங்கனேட்டின் நிறம் கருமையாக இருப்பதால் பியூரெட்டில் மேல்விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும் என்பது நினைவிருக்கும். கலக்கக் கலக்க மறையும் நிறம், ஒரு துளியில் மறையாமல் நிற்கும். அந்த வெளிர் இளஞ்சிவப்பை நீ உன் கையால் கொண்டுவந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டு அளவுகள் ஒத்துவரும்வரை செய். ஐந்து முறை ஆனாலும் ஐந்தையும் எழுது.

என்மேல் உங்களுக்கு வருத்தம் இருக்கிறதா, ஐயா?

இருந்தது. அதில் பாதி உன்மேல், மீதி என்மேல். உன் கடிதத்தைப் படித்தபின் உன்மேல் இருந்தது போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாலையில் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் 9.8 கிராம் நிறுத்து, 250 மில்லிலிட்டருக்குக் கரைத்து வைத்துவிடுகிறேன். பெர்மாங்கனேட்டையும் அன்றே கலக்கி, மூடி, கண்ணாடி அலமாரிக்குள் வைக்கிறேன். அதன் செறிவு எனக்கும் தெரியாது. நீ வந்து பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் வேதியியல் ஆசிரியர்